சிவப்பு லைட் சொல்லும் சேதி

உங்க வீட்டு இன்டர்நெட் பெட்டியை என்னைக்காவது நின்னு பார்த்திருக்கீங்களா மக்களே? நெட் போனதும் நாம எல்லாரும் பண்றது ஒண்ணுதான். ஸ்விட்சை அணைச்சுப் போடுவோம், வரலைன்னா இன்னொரு தடவை அணைச்சுப் போடுவோம், அப்புறம் கம்பெனிக்காரனைத் திட்டுவோம். ஆனா தெருவுல ரோடு தோண்டிக்கிட்டு இருக்கற நாள்ல நெட் போச்சுன்னா, என்ன ஆச்சு, எப்போ வரும், யார்கிட்ட எப்படிச் சொல்லணும்னு அந்தப் பெட்டியே பாதி சொல்லிடும். மீதியை இந்தக் கட்டுரையில சொல்றேன். சென்னை புறநகர்ல மழைநீர் வடிகால் வேலை நடக்கற ஒரு தெருவுல வாடகைக்கு இருக்கற ஈசிஇ மூணாம் வருஷ மாணவன்ங்கறதால, இந்த விஷயத்துல எனக்குத் தேவைக்கு மேலயே அனுபவம் கிடைச்சிருக்கு.

முதல்ல லைட். ஃபைபர் கனெக்ஷன் பெட்டியில எல்ஓஎஸ்னு ஒரு லைட் இருக்கும். சிக்னல் இழந்தாச்சுன்னு அர்த்தம். சாதாரண நேரத்துல அது எரியாது. சிவப்பா எரிஞ்சாலோ மின்னினாலோ, கம்பெனி ஆபீஸ்ல இருந்து வர வேண்டிய வெளிச்சம் உங்க பெட்டிக்கு வந்து சேரலைன்னு பொருள். நீங்க பணம் கட்டலைன்னாலோ, பாஸ்வேர்ட் தப்புன்னாலோ, அவங்க சர்வர் படுத்துட்டாலோ இந்த லைட் எரியாது. பெரும்பாலும் வெளிச்சம் வர்ற கண்ணாடி இழையில எங்கயோ பிரச்சனைன்னாத்தான் எரியும். வீட்டுக்குள்ள மஞ்சள் வயர் மடங்கியிருக்கா, பிளக் சரியா செருகியிருக்கான்னு ஒரு தடவை பாருங்க. அது சரியா இருந்து, வெளியில ஜேசிபி சத்தமும் கேட்டா, பதில் கிடைச்சாச்சு.

இந்த நேரத்துல செய்யக் கூடாதது ரெண்டு. ஒண்ணு, பெட்டிக்குப் பின்னாடி இருக்கற குட்டி ஓட்டையில ஊசியை விட்டு ரீசெட் பண்றது. கம்பெனி போட்டுக் கொடுத்த செட்டிங் எல்லாம் அழிஞ்சு, கேபிளைச் சரி பண்ணின பிறகும் உங்க வீட்டுக்கு மட்டும் நெட் வராது. ரெண்டு, பெட்டியை அணைச்சு வெக்கிறது. இந்தப் பெட்டிகள் கரண்ட் போகும்போது கடைசி மூச்சா ஒரு செய்தியை அனுப்பிட்டுத்தான் அணையும். டையிங் கேஸ்ப்னே அதுக்குப் பேரு. கேபிள் அறுந்தா அந்தச் செய்தி போகாது, வீடு திடீர்னு காணாமப் போகும். கம்பெனி ஆபீஸ் திரையில இந்த வித்தியாசம் தெரியும். நெட் விட்டு விட்டு வர்ற நேரத்துல நீங்க பெட்டியை அணைச்சு அணைச்சுப் போட்டா, உங்க வீடு கரண்ட் போன வீடுங்கற கணக்குல சேர்ந்துடும்.

இப்போ எங்க தெருக்கதை. போன மழை சீசன்ல ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணி வாக்குல நெட் போச்சு, சிவப்பு லைட். கீழ் வீட்டு ஆன்ட்டிகிட்ட கேட்டேன், அவங்களுக்கும் அதே கம்பெனி, அதே சிவப்பு. எதிர் வீட்டுலயும் அப்படியே. என் ரூம்மேட்டுக்கு மறுநாள் காலையில பத்து மணிக்கு ஒரு கம்பெனியோட ஆன்லைன் டெஸ்ட். கேமராவை ஆன்ல வெச்சே எழுதணும், நடுவுல நெட் கட் ஆனா மறுபடி உள்ள விட மாட்டாங்க. "டேய், ராத்திரிக்குள்ள வந்துடும் இல்ல?"ன்னு அவன் கேட்டான். கஸ்டமர் கேர்ல "ஆறு மணி நேரத்துல சரியாயிடும் சார்"ன்னு சொன்னாங்க. அந்த ஆறு மணி நேரத்தை நம்பறதா வேண்டாமாங்கறதுதான் கேள்வி.

தெருமுனைக்குப் போய்ப் பார்த்தோம். குழிக்குள்ள கேபிள் போற ஆரஞ்சு பிளாஸ்டிக் குழாய் கிழிஞ்சு கிடந்தது. குழியில இறங்காம, பக்கத்துல இருந்த மின்கம்பத்தோட நம்பரும் குழியும் சேர்ந்து தெரியற மாதிரி ஒரு போட்டோ எடுத்தேன். நீங்களும் இவ்வளவோட நிறுத்திக்கங்க. அறுந்த இழையைக் கையால தொடாதீங்க. முடியை விட மெல்லிசான கண்ணாடித் துண்டு தோல்ல ஏறினா எடுக்கறது ரொம்பக் கஷ்டம். அதோட முனையைக் கண்ணுக்கு நேராப் பிடிச்சும் பார்க்காதீங்க. உள்ள வர்ற லேசர் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது, ஆனா இருக்கும்.

மறுபடி கஸ்டமர் கேருக்குப் போன் பண்ணி இப்படிச் சொன்னேன்: "எல்ஓஎஸ் சிவப்பு, நாலு மணியில இருந்து. எங்க பில்டிங்லயும் எதிர்லயும் உங்க கனெக்ஷன் இருக்கற எல்லா வீட்டுலயும் இதேதான். தெருமுனையில வடிகால் வேலை நடக்குது, இந்த நம்பர் மின்கம்பத்துக்குப் பக்கத்துல குழாய் கிழிஞ்சிருக்கு, போட்டோ இருக்கு." மூணே வாக்கியம். இதைச் சொல்லாட்டி அவங்க அதை ஒரு வீட்டுப் புகாரா எழுதிக்கிட்டு, மறுநாள் உங்க வீட்டுக்கு ஒருத்தரை அனுப்பி பெட்டியைப் பார்க்கச் சொல்வாங்க. இழை ஒட்டற மிஷினோட வர வேண்டிய டீமுக்குப் பதிலா, ஸ்க்ரூடிரைவரோட ஒருத்தர் வந்து "வெளியில கட் ஆகியிருக்கு தம்பி"ன்னு சொல்லிட்டுப் போவாரு. ஒரு நாள் போச்சு. ஒவ்வொரு வீட்டுக்காரங்களும் தனித்தனியா புகார் கொடுக்கறது இன்னும் நல்லது. புகார் நம்பர் எஸ்எம்எஸ்ல வரும், அதை அழிக்காம வெச்சுக்கங்க.

டீம் எட்டு மணிக்கு வந்தது. அவங்க கையில ஓடிடிஆர்னு ஒரு கருவி. இழைக்குள்ள ஒரு வெளிச்சத் துடிப்பை அனுப்பி, அது எங்கே முட்டித் திரும்புதுன்னு நேரத்தை அளக்கும். கண்ணாடிக்குள்ள வெளிச்சம் நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும், அதனால ஒரு கிலோமீட்டர் போய்த் திரும்ப சுமார் 10 மைக்ரோசெகண்ட். கம்பெனி ஆபீஸ்ல இருந்து அளந்து போன்ல சொன்ன தூரம் 1,880 மீட்டர். டீமோட வரைபடத்துல அங்கிருந்து குழி வரைக்கும் ரோடு தூரம் 1,760 மீட்டர்தான். மீதி 120 மீட்டர் எங்கே போச்சு?

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். டீம்ல மூத்தவரா இருந்த அண்ணன் குழியை விட்டுட்டு ஒரு பழைய பில் பின்னாடி கணக்குப் போட்டாரு. வழியில மூணு கேபிள் சேம்பர் இருக்கு, ஒவ்வொண்ணுலயும் பின்னால உதவும்னு 20 மீட்டர் கேபிளைச் சுருட்டி வெச்சிருக்காங்க. அது 60. கேபிளுக்குள்ள இழைகள் நேரா ஓடாது, லேசா முறுக்கிப் போகும், அதனால இழையோட நீளம் கேபிளை விடக் கொஞ்சம் கூடுதல். அதுக்கு ஒரு 20 போட்டாரு. இன்னும் 40 மீட்டர் பாக்கி. "குழியில அறுந்திருந்தா இவ்வளவு வராது தம்பி. ஜேசிபி பக்கெட் கேபிளை வெட்டல, கொக்கி மாதிரி மாட்டி இழுத்திருக்கு. இங்க தோல்தான் போயிருக்கு, உயிர் அங்க போயிருக்கு"ன்னு அடுத்த சேம்பரைக் காட்டினாரு. மூடியைத் திறந்தா, கேபிள் உள்ளே நுழையற இடத்துலயே பிய்ஞ்சு தொங்குது. நாம பார்க்கற குழியும் அறுந்த இடமும் ஒண்ணா இருக்கணும்னு அவசியமில்ல. "குழி கண்ணுக்கு முன்னாடி இருக்கு, ஒட்டிட்டுப் போக வேண்டியதுதானே"ன்னு தெருவே சத்தம் போடும்போது அவங்க வேற எங்கயோ தோண்டறதுக்கு இதுதான் காரணம்.

இழுத்த கேபிளுக்கு நடுவுல இருக்கற பகுதியையும் நம்ப முடியாது. அதனால குழிக்கு முன்னாடியில இருந்து சேம்பருக்கு அப்புறம் வரைக்கும் புதுத் துண்டு போடணும். புதுத் துண்டுன்னா ரெண்டு முனை, ரெண்டு முனைன்னா ரெண்டு ஜாயின்ட். அது 24 இழை கேபிள். அப்போ 48 ஒட்டு. ஒவ்வொரு இழையையும் தோலுரிச்சு, துடைச்சு, நேரா வெட்டி, மிஷின்ல வெச்சு மின்பொறியில உருக்கி ஒட்டி, மேல சின்ன உறை போட்டுச் சூடு பண்ண சராசரியா 4 நிமிஷம். 48-ஐ 4-ஆல பெருக்கினா 192 நிமிஷம், மூணு மணி நேரத்துக்கு மேல. இது ஒட்டற நேரம் மட்டும்தான். கேபிளை இழுத்துப் போடறது, பெட்டிக்குள்ள அடுக்கி மூடறது எல்லாம் தனி. நடுவுல மழை வந்தா மிஷினைத் திறக்கவே முடியாது.

ராத்திரி ஒன்பது மணிக்கு இந்தக் கணக்கை ரூம்மேட்கிட்ட சொன்னேன். கேபிள் இழுக்கவே பதினொண்ணு ஆகும், ஒட்டி முடிக்க மூணு, மழை வந்தா விடியும். "நம்பி உட்காராத மச்சி, காலையில காலேஜ் லேப்புக்குப் போயிடு." போன் ஹாட்ஸ்பாட்டை வெச்சு எழுதிடலாம்னு அவன் பார்த்தான், அதுவும் தவழ்ந்துச்சு. மொபைல் டவர்களுக்கும் பெரும்பாலும் தரைக்கடியில போற ஃபைபர்லதான் டேட்டா வருது. பக்கத்து டவரோட கேபிள் அதே குழாய் வழியில போயிருந்தா அதுவும் போயிருக்கும். போகாட்டியும், தெருவே ஹாட்ஸ்பாட்டுக்கு மாறினா டவர் திணறத்தான் செய்யும். அவன் லேப் சாருக்கு மெசேஜ் போட்டு அனுமதி வாங்கினான். ராத்திரி ஒரு மணிக்கு மழை பிடிச்சுது. டீம் கடையைக் கட்டிட்டு காலையில ஆறு மணிக்குத் திரும்ப வந்தாங்க. ரூம்மேட் ஏழரை பஸ்ஸுக்குக் கிளம்பிட்டான். எங்க வீட்டு சிவப்பு லைட் அணைஞ்சது காலை 9:40-க்கு. நம்பி உட்கார்ந்திருந்தா டெஸ்டுக்கு இருபது நிமிஷம் முன்னாடி வந்திருக்கும்னு தோணும், ஆனா அந்த நெட்டை நம்பி எழுதியிருக்க முடியாது. ஏன்னு அடுத்துச் சொல்றேன்.

அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். பக்கத்துத் தெருவுக்கு நெட் விடியற்காலையிலேயே வந்துடுச்சு. எங்க தெருவுல பலருக்கும் கோபம். 24 இழையையும் ஒரே நேரத்துல ஒட்ட முடியாது, ஒண்ணு ஒண்ணாத்தான் உயிர் வரும். டவர், ஆஸ்பத்திரி, பேங்க் மாதிரி அதிகம் பேரைத் தாங்கற இழைகளை முதல்ல எடுப்பாங்க. வீடுகளுக்குப் போறதுல ஒவ்வொரு இழையும் வழியில ஸ்ப்ளிட்டர்ங்கற பெட்டியில 32 அல்லது 64 வீடாப் பிரியும். உங்க வரிசை பின்னாடி இருந்தா பக்கத்துத் தெருவுக்கு அப்புறம்தான் உங்களுக்கு. உங்களை மறந்துட்டாங்கன்னு அர்த்தமில்ல.

இப்போ ரெண்டாவது கட்டம், அதாவது லைட் அணைஞ்ச பிறகு வர்ற ஆமை வேகம். எங்களுக்கு நெட் வந்துச்சு, ஆனா வீடியோ நின்னு நின்னு ஓடுச்சு, அப்பப்போ சிவப்பு லைட் ஒரு கணம் மின்னி மறைஞ்சுது. இதைச் சோதிக்க லேப்டாப்பை வயர்ல மாட்டி ரெண்டு கட்டளை போதும். முதல் எண் உங்க பெட்டியோடது, பெட்டிக்கு அடியில ஸ்டிக்கர்ல வேற எண் இருந்தா அதைப் போடுங்க.

```
ping 192.168.1.1
ping 8.8.8.8
```

முதல்ல இருக்கறது சுத்தமா வந்து, ரெண்டாவதுல பதில் வராத வரிகள் நடுநடுவே வந்தா, கோளாறு வீட்டுக்கு வெளியில. அடுத்து, உங்க பெட்டியோட பக்கத்தை பிரவுசர்ல திறந்து Rx Power-னு இருக்கற எண்ணைப் பாருங்க. வர்ற வெளிச்சத்தோட அளவு அது, டிபிஎம் கணக்குல மைனஸ்ல இருக்கும். மைனஸ் எண் பெருசாக ஆக, வெளிச்சம் கம்மி. பொதுவா இந்தப் பெட்டிகள் மைனஸ் 27 வரைக்கும்தான் நம்பிக்கையா வேலை செய்யும். எங்க வீட்டுல வழக்கமா மைனஸ் 21.4 இருக்கும். அன்னைக்கு மைனஸ் 27.6. 6.2 டெசிபல் குறைவு, அதாவது முன்னாடி வந்த வெளிச்சத்துல கால்வாசிதான் வருது. நல்ல ஒட்டுல போற இழப்பு ஒரு டெசிபல்ல பத்துல ஒரு பங்கோ அதுக்கும் குறைவோதான். ரெண்டு ஒட்டு சேர்ந்தா கூட 6.2 வராது. கீழ் வீட்டு ஆன்ட்டி பெட்டியையும் பார்த்தேன், அங்கேயும் ஆறு டெசிபல் இறங்கியிருந்தது. அப்போ கோளாறு எங்க வீட்டு வயர்ல இல்ல, ஸ்ப்ளிட்டருக்கு முன்னாடி, புதுசா போட்ட ஜாயின்ட்ல.

ரெண்டாவது புகார்ல "ஸ்லோவா இருக்கு"ன்னு சொல்லல. அப்படிச் சொன்னா ஸ்பீட் டெஸ்ட் எடுங்க, வைஃபை பக்கத்துல உட்காருங்கன்னு ஆரம்பிப்பாங்க. "நேத்து கட் சரி பண்ணின பிறகு வெளிச்சம் மைனஸ் 21-ல இருந்து மைனஸ் 27-க்கு இறங்கியிருக்கு, ரெண்டு வீட்டுல ஒரே மாதிரி"ன்னு சொன்னேன். சாயங்காலமே வந்து ஜாயின்ட் பெட்டியைத் திறந்தாங்க. அவசரத்துல அடுக்கினதுல எங்க இழை இறுக்கமா வளைஞ்சு கிடந்தது. கண்ணாடி இழை அறுந்தாத்தான் பிரச்சனைன்னு இல்ல, இறுக்கி வளைச்சாலே வெளிச்சம் வளைவுல வெளியே கசிஞ்சுடும். தளர்த்தி அடுக்கினதும் மைனஸ் 21.6. இந்த ஒப்பீடு சாத்தியமானதே பழைய எண் தெரிஞ்சதாலதான். அதனால இன்னைக்கு, நெட் நல்லா இருக்கும்போதே, உங்க எண்ணைப் பார்த்து பெட்டி மேலயே பென்சில்ல எழுதி வெச்சுடுங்க.

மூணாவது வகை ஸ்லோவும் இருக்கு. சிவப்பு லைட்டும் இல்ல, எண்ணும் பழையபடி, ஆனா ராத்திரி ஏழுல இருந்து பதினொண்ணு வரைக்கும் நெட் நகராது, விடியற்காலையில பறக்கும். அப்போ அறுந்தது உங்க தெருவுல இல்ல. கம்பெனிகள் பெரிய கேபிளை வளையமாப் போடுவாங்க, ஒரு பக்கம் அறுந்தா மொத்தப் போக்குவரத்தும் மறுபக்கமாச் சுத்திப் போகும். நெட் நிக்காது, நெரிசல்தான் வரும். இதுக்கு வீட்டுக்கு ஆள் வரச் சொல்லிப் புண்ணியமில்ல. நேரத்தோட பதிவு பண்ணி, ஏரியா அவுட்டேஜ் இருக்கான்னு கேளுங்க. பெரிய டவுன்லோடு இருந்தா விடியற்காலைக்கு வெச்சுக்கங்க.

உங்க புகாருக்கு "சரி செய்யப்பட்டது"ன்னு எஸ்எம்எஸ் வந்தும் நெட் வரலைன்னா, சும்மா விடாம அதே நம்பரைச் சொல்லித் திரும்பத் திறக்கச் சொல்லுங்க. அப்பவும் நடக்கலைன்னா ஒவ்வொரு கம்பெனியிலயும் மேல்முறையீட்டு அதிகாரி இருக்கணும்ங்கறது டிராய் விதி. முறையீடு பண்ண 30 நாள் அவகாசம், அவங்க 39 நாளுக்குள்ள முடிவு சொல்லணும். கோளாறு 3 நாளைத் தாண்டினா வாடகையில கழிவு தரணும்னும் டிராய் விதியில இருக்கு. ஆனா தானா வரும்னு காத்திருக்காதீங்க, முதல் புகார் நம்பரும் தேதியும் காட்டிக் கேளுங்க. முதல் நாளே புகார் பண்ணலைன்னா அந்த மூணு நாள் எங்கிருந்து தொடங்கிச்சுன்னு காட்ட வழி இல்ல.

இதெல்லாம் அறுந்த பிறகு செய்யறது. அறுக்கறதுக்கு முன்னாடியே தடுக்க ஒரு வழி நாட்டுல இருக்கு. 2023 மார்ச்ல மத்திய அரசு 'கால் பிஃபோர் யூ டிக்'ங்கற செயலியைக் கொண்டுவந்தது. தோண்டப் போறவங்க இடத்தையும் நாளையும் அதுல போட்டா, அங்கே கேபிள் வெச்சிருக்கற கம்பெனிகளுக்குத் தகவல் போகும், அவங்க வந்து வழியைக் காட்டலாம். அதே வருஷம் ஜனவரியில வந்த விதிகள்படி, முன்கூட்டி அறிவிக்கறது தோண்டறவங்க கடமை, சேதம் பண்ணினா ஈடு கட்டறதும் அவங்க பொறுப்பு. எங்க தெருவுல மேஸ்திரியா இருந்த அண்ணன்கிட்ட இதைப் பத்திக் கேட்டேன். "எங்களுக்கு வரைபடமே தண்ணிக் குழாய்க்கு மட்டும்தான் தம்பி கொடுத்தாங்க"ன்னாரு. ஜேசிபி ஓட்டறவர் கண்ணுக்கு மண்ணுதான் தெரியும். அவரைத் திட்டி ஒண்ணும் ஆகப் போறதில்ல.

ஜாயின்ட் போட்ட இடத்துல வேலை இன்னும் முடியலைன்னா, அதே கேபிள் அடுத்த வாரமும் அறுபடலாம். எங்க தெருவுல ரெண்டாவது தடவையும் அறுந்தது. இந்தத் தடவை கீழ் வீட்டு ஆன்ட்டியே போன் பண்ணி, எல்ஓஎஸ், நேரம், கம்பத்து நம்பர் எல்லாம் சொல்லி முடிச்சுட்டு, மாடிக்கு வந்து என்கிட்ட கேட்ட ஒரே கேள்வி: "இது எத்தனை இழை கேபிள் தம்பி?"